“இணைந்து வழங்கும்” என்றால் யார் பொறுப்பு?

நோன்புப் பெருநாளுக்கு ஆறு வாரங்கள் இருந்தபோது எங்கள் வீட்டில் ஓர் அறிவித்தல் எழுதப்பட்டது. எழுதியவள் நான்தான். உம்மா வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்களை வைத்துச் சல்வார் தைத்துக் கொடுப்பவர். அடுத்த வீட்டு ராத்தா அவருக்கு ஓவர்லொக் அடித்து, பொத்தான் கட்டி உதவுவார். எங்கள் தெரு முனையில் ஒரு துணிக்கடை இருக்கிறது. அங்கே துணி எடுப்பவர்கள் “எங்கே தைக்கலாம்?” என்று கேட்பதும், உம்மாவிடம் வருபவர்கள் “எங்கே துணி எடுக்கலாம்?” என்று கேட்பதும் வழக்கம். இரண்டு கேள்விகளையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டார். உம்மாவும் சம்மதித்தார். நான் வணிகப் பிரிவில் படிப்பவள் என்பதால் அறிவித்தல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் எழுதியது இதுதான்:

“மகிழ்ச்சியான செய்தி! எமது துணிக்கடையும் தையலகமும் பங்காளர்களாக இணைந்துவிட்டன. பெருநாளை முன்னிட்டுத் துணி வாங்கித் தைப்போருக்கு விசேட கழிவு. பெருநாளுக்கு முன் தைத்துத் தரப்படும். முந்துங்கள்!”

எழுத்துப் பிழை ஒன்றும் இருக்கவில்லை. கடைக் கதவில் ஒட்டினோம், வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். ஆனால் அந்தச் சிறிய அறிவித்தலில் இருந்த ஒவ்வொரு வாக்கியமும் ஏதோ ஒரு வகையில் எங்களுக்குத் தொல்லை தந்தது. இரண்டு சிறு வியாபாரங்கள் சேர்ந்து ஒரு சலுகையை அறிவிக்கும்போது அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை அந்தத் தொல்லைகளிலிருந்தே கற்றுக்கொண்டேன். அவற்றை வரிசையாகவே சொல்கிறேன்.

பங்காளர் என்ற சொல்

அறிவித்தல் ஒட்டி இரண்டாவது வாரம், கடைக்குக் கடனில் துணி கொடுக்கும் மொத்த வியாபாரியின் ஆள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். “நீங்களும் கடையின் பங்காளிதானே? பழைய கணக்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது” என்றார். உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாப்பாவின் முகம் மாறிவிட்டது. நான் அடுத்த நாள் கணக்கீட்டு ஆசிரியையிடம் ஓடினேன்.

பங்குடைமையைப் பற்றி நாங்கள் படிக்கும் 1890 ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டமே இலங்கையிலும் பின்பற்றப்படுகிறது. அதன்படி, இலாபம் பெறும் நோக்கத்தோடு ஆட்கள் பொதுவாக ஒரு வியாபாரத்தை நடத்தும்போது அவர்களுக்கிடையே உள்ள உறவே பங்குடைமை. அந்த உறவு இருந்தால் ஒருவர் வியாபாரத்துக்காகப் பட்ட கடனுக்கு மற்றவரும் பொறுப்பாளி. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் இலாபமும் நட்டமும் சமமாகப் பிரியும். பரீட்சைக்காக நாங்கள் மனனம் செய்யும் விதிகள்தாம் இவை.

உம்மாவுக்கும் கடைக்காரருக்கும் அப்படி ஒரு பொது வியாபாரம் கிடையாது. கடையின் துணி கடைக்காரருடையது, இயந்திரம் உம்மாவுடையது, கணக்குப் புத்தகங்களும் இரண்டு. ஆகவே உண்மையில் அவர்கள் பங்காளர்கள் அல்லர். ஆனால் ஆசிரியை சட்டத்தின் 14 ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். ஒருவர் உண்மையில் பங்காளராக இல்லாவிட்டாலும், தன்னைப் பங்காளர் என்று சொல்லிக்கொண்டால், அல்லது பிறர் அப்படிச் சொல்வதைத் தெரிந்தே விட்டுவிட்டால், அந்தப் பேச்சை நம்பிக் கடன் கொடுத்தவருக்கு அவர் பங்காளரைப் போலவே பொறுப்பாவார். மொத்த வியாபாரி கேட்ட பழைய மிச்சம் அறிவித்தலுக்கு முந்தியது. அந்த அறிவித்தலை நம்பி அவர் அந்தத் துணியைக் கொடுக்கவில்லை. ஆகவே உம்மா தப்பினார். ஆனால் அறிவித்தலைப் பார்த்துவிட்டு, “இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள்” என்று நம்பி அவர் புதிதாகக் கடன் கொடுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். உம்மாவின் இயந்திரங்களை விற்றாலும் அடைக்க முடியாத தொகை அது.

அன்றே அறிவித்தலைக் கழற்றிவிட்டோம். மொத்த வியாபாரிக்கு, “எமக்கிடையே பங்குடைமை இல்லை, கொள்வனவுக் கடன்கள் கடைக்கு மட்டுமே உரியவை” என்று கடைக்காரரே கையொப்பமிட்டு ஒரு கடிதம் கொடுத்தார்.

இதிலிருந்து முதலாவது பாடம் வந்தது. இரண்டு வியாபாரங்களும் தனித்தனியாகவே இருந்துகொண்டு ஒரு சலுகையை மட்டும் சேர்ந்து கொடுக்கின்றன என்றால், அறிவித்தலில் பங்காளர், பங்குடைமை, கூட்டு நிறுவனம் என்ற சொற்கள் வரக்கூடாது. “இரண்டும் தனித்தனி வியாபாரங்கள், இந்தச் சலுகையை மட்டும் இணைந்து வழங்குகின்றன” என்று ஒரு வரி தெளிவாக இருக்க வேண்டும். மங்கலமாக ஒலிக்கிறது என்பதற்காக ஒரு சொல்லைப் போடுவது எவ்வளவு விலையுள்ள காரியம் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

எது யாருடைய வேலை?

“துணி வாங்கித் தைப்போருக்கு” என்று எழுதியிருந்தேன். எந்தத் துணியை, எங்கே வாங்கி, யாரிடம் கொடுத்து என்று எழுதவில்லை. ஆகவே சிலர் வேறு கடையில் வாங்கிய துணியோடு உம்மாவிடம் வந்தார்கள். சிலர் கடையிலேயே துணியை விட்டுவிட்டு, “நீங்கள் கொடுத்துவிடுங்கள்” என்று போய்விட்டார்கள். அளவு எடுக்காமல் வந்த துணிப் பை மட்டும் ஆறு. அவை யாருடையவை என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாட்கள் போயின.

அதைவிடப் பெரிய பிரச்சினை பெருநாள் முடிந்து இரண்டு வாரங்களில் வந்தது. ஒரு பிள்ளையின் பருத்திச் சல்வார் முதல் கழுவலிலேயே சுருங்கிவிட்டது. 38 அங்குலம் தைத்த காற்சட்டை 36 அங்குலமாகி, கணுக்காலுக்கு மேலே நின்றது. தாயார் கடைக்குப் போனார். கடையில், “தைத்தவர் குறைத்து வெட்டியிருப்பார்” என்றார்கள். உம்மாவிடம் வந்தார். உம்மா, “அளவுக் கொப்பியில் 38 இருக்கிறது, துணிதான் சுருங்கியிருக்கிறது” என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை; ஆனால் நடுவில் நின்ற தாயாருக்கு இருவருமே பொய்யர்களாகத் தெரிந்தார்கள். கடைசியில் உம்மா தன் கைக்காசில் துணி வாங்கித் திரும்பத் தைத்துக் கொடுத்தார். ஒரு செட்டில் அவர் உழைக்கும் கூலியைவிட அது கூடிய செலவு.

இந்தச் சண்டையைத் தீர்க்க ஒரு எளிய வழி இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. துணிச் சுருளிலிருந்து 10 அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை வெட்டி, நீளவாக்கு எதுவென்று அடையாளமிட்டு, வீட்டில் கழுவுவதைப் போலவே கழுவி, காயவைத்து, மறுபடி அளக்க வேண்டும். 10 அங்குலம் 9½ ஆகியிருந்தால் அந்தத் துணி நூற்றுக்கு 5 சுருங்குகிறது. 38 அங்குலக் காற்சட்டையில் அது ஏறத்தாழ 2 அங்குலம். அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதுவேதான். இதை வெட்டுவதற்கு முன் தெரிந்துகொண்டால், துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பின் வெட்டலாம். சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி தைப்பதற்கு முன்பே சுருங்கிவிடும்.

ஆகவே ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டாவது முறை பேசியபோது, வேலைகளை ஒரு கொப்பித் தாளில் இரண்டு நிரல்களாகப் பிரித்தோம். சுருளுக்கு ஒரு துண்டு கழுவிப் பார்ப்பது கடையின் வேலை. சுருக்கம் கூடிய துணியென்றால் வாங்குபவரிடம் அதைச் சொல்லி, கால் மீற்றர் கூடுதலாக வெட்டுவதும் கடையின் வேலை. அளவெடுப்பது, ஊறவைப்பது, வெட்டுவது, தைப்பது, குறித்த நாளில் கொடுப்பது உம்மாவின் வேலை. துணியை வாங்கியவரே உம்மாவிடம் கொண்டுவர வேண்டும். கடை இனித் துணிப் பைகளைப் பொறுப்பேற்காது. உம்மாவின் கைக்குத் துணி வந்து, அவர் பற்றுச்சீட்டு எழுதிய நேரத்திலிருந்து அந்தத் துணிக்கு அவர் பொறுப்பு. கைமாறும் அந்த ஓர் இடம் தெளிவாக இருந்தால் பாதிச் சண்டை வராது.

முறைப்பாட்டுக்கும் ஒரு விதி வைத்தோம். வெட்டியபின் மிஞ்சும் துண்டொன்றை, பற்றுச்சீட்டு இலக்கத்தோடு உம்மா ஒரு மாதம் வைத்திருப்பார். யாராவது சுருங்கிவிட்டது என்று வந்தால் அந்தத் துண்டை அளந்து கழுவிப் பார்ப்போம். துண்டும் அதே வீதத்தில் சுருங்கினால் குறை துணியில். சுருங்காவிட்டால் குறை வெட்டில். சாயம் போவதும் துணியின் குறையே. தையல் விடுவதும் அளவு பிழைப்பதும் உம்மாவின் குறையே.

ஆனால் இந்த விசாரணை எங்கள் இரு தரப்புக்கும் உரியது, வாங்கியவருக்கு உரியதல்ல. அவர் கடைக்கு வந்தாலும் சரி, தையலகத்துக்கு வந்தாலும் சரி, வந்த இடத்திலேயே முறைப்பாடு ஏற்கப்பட வேண்டும். “அங்கே போங்கள்” என்று சொல்லக்கூடாது என்பது கடைக்காரர் தானாகவே சொன்ன விதி. “தங்கச்சி, ரெண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்ட ஆள். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பதில் சொல்லணும்” என்றார்.

கழிவை யார் சுமப்பது?

“விசேட கழிவு” என்று நான் எழுதிய இரண்டு சொற்களுக்கு ஊரில் மூன்று அர்த்தங்கள் இருந்தன. வாங்க வந்தவர்கள் மொத்தத் தொகையில் கழிவு என்று நினைத்தார்கள். கடையில் வேலை செய்த தம்பி, கழிவு தையல் கூலியில்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உம்மா துணியில் என்று நினைத்தார். எவ்வளவு என்று யாருக்குமே தெரியாது.

சட்டமும் இதில் சும்மா இருப்பதில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, வாங்குபவரைத் தவறாக வழிநடத்தக்கூடிய நடத்தையை வியாபாரிகளுக்குத் தடை செய்கிறது. ஏமாற்றும் எண்ணம் எங்களுக்கு இருக்கவில்லை. ஆனால் படிப்பவர் பிழையாக விளங்கிக்கொள்ளக்கூடிய விதத்தில்தான் நான் எழுதியிருந்தேன்.

இரண்டாவது முறை நாங்கள் முதலில் கணக்குப் போட்டோம். ஒரு சாதாரண சல்வாருக்கு டொப்புக்கும் காற்சட்டைக்குமாக நாலரை மீற்றர் துணி. மீற்றர் 800 ரூபா வீதம் 3,600 ரூபா. தையல் கூலி 2,400 ரூபா. மொத்தம் 6,000. இதை 5,400க்குக் கொடுப்பது என்று முடிவானது. அதாவது 600 ரூபா கழிவு. அந்த 600ஐ யார் சுமப்பது?

“ஆளுக்குப் பத்து வீதம்” என்பது நியாயமாகத் தெரிந்தது. கடைக்கு 360, உம்மாவுக்கு 240. ஆனால் விலையில் பத்து வீதம் என்பது இலாபத்தில் பத்து வீதம் அல்ல. கடை அந்தத் துணியை மீற்றர் 600க்கு வாங்குகிறது; நாலரை மீற்றருக்கு 2,700. மிஞ்சுவது 900. அதில் 360 போனால் நூற்றுக்கு 40 போய்விடுகிறது. உம்மாவுக்கு நூல், கழுத்துக்கு வைக்கும் கன்வஸ், ராத்தாவின் ஓவர்லொக் கூலி, மின்சாரம் எல்லாமாக 400 போக மிஞ்சுவது 2,000. அதில் 240 என்பது நூற்றுக்கு 12 மட்டுமே. இந்தக் கணக்கைப் பார்த்தால் உம்மாதான் கூடச் சுமக்க வேண்டும் போலத் தோன்றும்.

கடைக்காரரே அதை மறுத்தார். கடைக்கு ஒருவர் கூடுதலாக வந்தால் ஒரு சுருள் துணி கூடுதலாகப் போகும். அதற்குக் கடைக்காரர் கூடுதலாக உழைக்க வேண்டியதில்லை. ஆனால் உம்மாவின் நாளில் இரண்டு செட்டுக்கு மேல் தைக்க முடியாது. பெருநாளுக்கு முந்திய வாரத்தில் முழுக்கூலி கொடுத்துத் தைக்கவே ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த நேரத்தில் கழிவு கொடுத்தால் உம்மாவுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. உள்ள கூலிதான் குறையும். ஆகவே இரண்டு விடயங்களை முடிவு செய்தோம். கடை 400, உம்மா 200 சுமப்பது. கழிவு, இயந்திரம் சும்மா இருக்கும் முன்கூட்டிய நாட்களுக்கு மட்டும். கடைசி நாட்களில் கழிவே கிடையாது.

கடைக்காரருக்கு இதில் நட்டம் வருமா என்றும் பார்த்தோம். ஒரு செட்டில் அவருக்கு மிஞ்சுவது 500. முப்பது செட் போனால் 15,000. ஆனால் கழிவு இல்லாவிட்டாலும் வரக்கூடிய பழைய ஆட்கள் அதே முப்பதுக்குள் இருப்பார்கள். அவர்கள் வழமையான விலைக்கு வாங்கினால் ஒரு செட்டுக்கு 900 கிடைத்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் 16 பேர் என்றால் 14,400. 17 பேர் என்றால் 15,300. ஆகவே முப்பதில் 17 பேரோ அதற்கு மேலோ எப்படியும் வந்திருக்கக்கூடியவர்கள் என்றால், இந்தச் சலுகையால் கடைக்கு நட்டம். இதை அறிய அவர் ஒரு காரியம் செய்தார். அட்டை கொடுக்கும்போது, “போன வருடமும் இங்கேதான் துணி எடுத்தீங்களா?” என்று கேட்டு, ஆம் என்றால் ஒரு புள்ளி வைத்தார்.

பணம் கொடுக்கும் முறையையும் பிரித்தோம். துணிக்கு 3,200 ரூபாவைக் கடையில் கொடுத்து, கடையின் பற்றுச்சீட்டோடு இலக்கமிட்ட ஓர் அட்டையையும் பெற வேண்டும். தையலுக்கு 2,200 ரூபாவை உம்மாவிடம் கொடுக்க வேண்டும். அதில் 1,100 முற்பணம். ஒருவருடைய பணம் மற்றவரின் பெட்டிக்குள் போகவே கூடாது. மாத முடிவில் “உங்கள் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு” என்று கணக்குப் பார்க்கும் வேலை இருக்காது; பங்குடைமை என்ற சந்தேகத்துக்கும் இடமிருக்காது. கழிவை வீதமாக அன்றி ரூபாவாகவே எழுதினோம். கூடுதல் துணி எடுத்தாலும், உள்துணி வைத்தாலும், பூ வேலை செய்தாலும் கழிவு அதே 600தான்.

எத்தனை பேருக்கு, எந்த நாளுக்குள்?

“பெருநாளுக்கு முன் தைத்துத் தரப்படும்” என்பது முதல் அறிவித்தலின் அடுத்த வாக்கியம். நோன்புப் பெருநாள் எந்த நாள் என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. பிறை தெரிந்தால் நோன்பு 29, தெரியாவிட்டால் 30. தெரியாத ஒரு நாளை முன்வைத்து நான் வாக்குறுதி எழுதியிருந்தேன். எண்ணிக்கையும் எழுதவில்லை. 57 ஓடர்கள் வந்தன. அதில் 40க்கு மேல் கடைசிப் பன்னிரண்டு நாட்களில். பன்னிரண்டு நாட்களில் உம்மாவால் தைக்கக்கூடியது 24. ஸஹர் வரை இயந்திரச் சத்தம் கேட்டது. பிறை தெரிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன இரவில் ஆறு செட் தைத்து முடியவில்லை. வாசலில் ஆறு தாய்மார் நின்றார்கள். அந்த இரவில் உம்மா அழுததை நான் பார்த்தேன். அவர் ஒருபோதும் வாக்குத் தவறாதவர். அந்த வாக்கைக் கொடுத்தவள் நான்.

ஆகவே ஹஜ்ஜுப் பெருநாள் அறிவித்தலில் எண்ணிக்கையைத்தான் முதலில் கணக்கிட்டோம். மே 5 முதல் ஜூன் 3 வரை 30 நாட்கள். நான்கு வெள்ளிக்கிழமைகளைக் கழித்தால் 26. நாளுக்கு இரண்டு வீதம் 52 செட். வழமையாக வரும் ஆட்களுக்கு 16. மின்வெட்டு, காய்ச்சல், திருத்த வேலை என்பவற்றுக்கு 6 செட்டுக்குரிய நேரம் ஒதுக்கினோம். மிஞ்சியது 30. இந்தச் சலுகை 30 பேருக்குத்தான் என்பது இப்படி வந்த எண். அழகுக்காக வைத்தது அல்ல. பெருநாள் என்ற சொல்லுக்குப் பதிலாகத் திகதியையே எழுதினோம். எத்தனை அட்டைகள் மிஞ்சியிருக்கின்றன என்பதைத் தினமும் கடைக் கதவில் எழுதுவது என்றும் முடிவானது. இல்லாத சலுகைக்காக ஒருவர் பஸ் ஏறி வரக்கூடாது அல்லவா?

இவற்றையெல்லாம் முதலில் ஒரு தாளில் எழுதி, உம்மாவும் கடைக்காரரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அறிவித்தல் எழுதினேன். முதல் முறை நாங்கள் அறிவித்துவிட்டுப் பேசினோம். இந்த முறை பேசி முடித்துவிட்டு அறிவித்தோம். பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் நீக்கிவிட்டு அதை இங்கே தருகிறேன்:

அறிவித்தல்

துணிக்கடையும் தையலகமும் இணைந்து வழங்கும் சல்வார் சலுகை. இரண்டும் தனித்தனி வியாபாரங்கள். இந்தச் சலுகையை மட்டும் இணைந்து வழங்குகின்றன.

சலுகை: நாலரை மீற்றர் துணியும் தையலும் சேர்த்து வழமையான விலை ரூபா 6,000. சலுகை விலை ரூபா 5,400. துணிக்கு 3,200ஐக் கடையிலும் தையலுக்கு 2,200ஐத் தையலகத்திலும் செலுத்தவும். கூடுதல் துணி, உள்துணி, பூ வேலை என்பவற்றுக்கு வழமையான விலை.

காலம்: மே 5 முதல் மே 22 வரை, அல்லது 30 அட்டைகள் முடியும் வரை. மிஞ்சியுள்ள எண்ணிக்கை கடைக் கதவில் எழுதப்படும்.

பெறும் முறை: கடையில் துணி வாங்கி அட்டையைப் பெறுங்கள். மூன்று நாட்களுக்குள் துணியையும் அட்டையையும் தையலகத்தில் கொடுத்து அளவு கொடுங்கள். முற்பணம் ரூபா 1,100. வேறு இடத்தில் வாங்கிய துணிக்கு இச்சலுகை இல்லை.

ஒப்படைக்கும் நாள்: மே 12க்குள் கொடுத்தவை மே 20 அன்று. அதன்பின் கொடுத்தவை ஜூன் 3 அன்று. நாள் தவறினால் தையல் கூலியில் ரூபா 300 குறைக்கப்படும்.

பொறுப்பு: துணியின் சுருக்கத்துக்கும் சாயத்துக்கும் கடை பொறுப்பு. அளவுக்கும் தையலுக்கும் தையலகம் பொறுப்பு. குறையிருந்தால் உடையைப் பெற்று 14 நாட்களுக்குள் இரண்டில் எந்த இடத்திலும் சொல்லலாம்.

“முந்துங்கள்” என்ற சொல்லை நான் போடவில்லை. எண்ணிக்கையும் திகதியும் இருக்கும்போது அது தேவைப்படவில்லை. முதல் அறிவித்தலைவிட இது நீளமானது. ஆனால் இதைப் படித்துவிட்டு மேலதிகமாகக் கேள்வி கேட்க வந்தவர்கள் மிகக் குறைவு.

அந்தக் காலத்தில் 27 அட்டைகள் போயின. கடைக்காரர் வைத்த புள்ளிகள் 11. அதாவது அவருக்குக் கிடைத்தது 13,500 ரூபா. சலுகை இல்லாமல் அந்தப் பதினொருவரிடமிருந்து கிடைத்திருக்கக்கூடியது 9,900. வித்தியாசம் 3,600 ரூபா. பெரிய தொகை அல்ல, ஆனால் அது நட்டமல்ல என்று அவருக்குத் தெரிந்தது. உம்மாவுக்குக் கிடைத்த பெரிய நன்மை வேறு. மே மாதத்தின் நடுப்பகுதியில் சும்மா இருக்கும் இயந்திரங்கள் ஓடின; ஜூன் 3 ஆம் திகதி மாலையில் கடைசிப் பை கைமாறியது. அன்று இஷாவுக்குப் பிறகு எங்கள் வீட்டு முன்னறை விளக்கு அணைந்திருந்தது.

குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒரு தாயார் ஓர் அட்டையோடும் நாலரை மீற்றர் துணியோடும் வந்து, தன் இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு செட் தைக்கச் சொன்னார். துணி போதும். ஆனால் வேலை இரட்டிப்பு. “தையலும் சேர்த்து என்றுதானே போட்டிருக்கு?” என்று அவர் கேட்டார். அறிவித்தலை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். எத்தனை செட் என்று நான் எழுதவில்லை. உம்மா ஒன்றும் பேசாமல் இரண்டையும் தைத்துக் கொடுத்தார்.

அடுத்த அறிவித்தலுக்கான தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. அதில் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன்: ஓர் அட்டைக்கு ஒருவருக்கு உரிய ஒரு செட் மட்டுமே.